ஷோரூமில் பார்த்த சோபா ஒன்று, வீட்டுக்கு வந்தது வேறொன்று: கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: "ஷோரூமில் உட்கார்ந்து பார்த்து, பிடித்துப்போய் 3+1+1 சோபா செட்டுக்கு ஆர்டர் கொடுத்தோம். 72,000 ரூபாய். 'இதே பீஸ்தான், புதுசா ஃபேக்டரியில இருந்து வரும், 40 டென்சிட்டி ஃபோம்' என்றார் சேல்ஸ்மேன். போன வாரம் வந்தது. உட்கார்ந்தால் அமுங்குகிறது. கலர் கருத்திருக்கிறது. மரக்கால் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கால். டெலிவரிக்கு வந்தவர் நீட்டிய தாளில் என் கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடையில் கேட்டால், 'கையால செய்யுறது, முன்னே பின்னே இருக்கும், வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

முதலில் ஷோரூமுக்குப் போங்கள். கடிதம், புகார் எல்லாம் அதற்கு அப்புறம். நீங்கள் உட்கார்ந்து பார்த்த அந்த மாதிரி சோபா இன்னும் அங்கே இருக்கும்போதே அதை அளந்து, படம் எடுத்து வைத்துக்கொள்வதுதான் இப்போது அவசரம். உங்கள் வழக்கு "சோபா மட்டம்" என்பது அல்ல. "எனக்குக் காட்டியது இது இல்லை" என்பதுதான். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால் காட்டியது எது என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் வேண்டும். ஷோரூம் பீஸ் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்காது. சீசன் மாறினால் தள்ளுபடியில் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், அல்லது குடோனுக்குப் போய்விடும். அது போய்விட்டால் உங்கள் சொல்லுக்கு எதிராக அவர்கள் சொல் மட்டும்தான் மிஞ்சும்.

போகும்போது மூன்று பொருள் எடுத்துப் போங்கள்: ஒரு அளவு டேப், போன், உங்கள் சோபாவிலிருந்து கழற்றிய ஒரு சீட் குஷன். குஷனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதா என்று கூச்சப்பட வேண்டாம். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 17-வது பிரிவில், மாதிரியைக் காட்டி விற்றால் வந்த பொருளின் தரம் மாதிரியின் தரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது. அதோடு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு தரப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே குஷனைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நீங்கள் கேட்டு வாங்கும் சலுகை அல்ல, உங்கள் உரிமை.

அங்கே போனதும், மாதிரி சோபாவில் தொங்கும் விலைச் சீட்டையும் மாடல் பெயரையும் படம் எடுங்கள். உங்கள் ஆர்டர் ஃபார்மிலும் பில்லிலும் அதே மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. "3+1+1 சோபா, பிரவுன்" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் குறிப்பிட்ட பீஸைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தீர்கள் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டும். கடையில் ஒரு பொருள் நிற்கிறது என்பதாலேயே அது சட்டப்படி மாதிரி ஆகிவிடாது. அதை வைத்துத்தான் பேச்சு நடந்தது என்று தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதற்கு ஒரு சான்று இருக்கும். அன்றைக்கு ஷோரூமில் நின்று, "இது எப்படி இருக்கு?" என்று அம்மாவுக்கோ அக்காவுக்கோ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருப்பீர்கள். சேல்ஸ்மேனே படம் அனுப்பியிருக்கலாம். அந்தச் செய்தி, தேதியோடு, உங்கள் சாட்சி. அழித்துவிடாதீர்கள்.

அப்புறம் அளவு. மொத்த நீளம், சீட் உயரம், சீட் ஆழம், குஷன் கனம், கால் எதனால் ஆனது என்பது வரை. தரையிலிருந்து சீட் மேல்பக்கம் வரை எத்தனை அங்குலம் என்பதைக் கட்டாயம் எடுங்கள். பொதுவாக 17, 18 அங்குலம் இருக்கும். கால் மாறியதால் இதில் 2 அங்குலம் குறைந்திருந்தால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு எழுந்திருப்பதே கஷ்டம். புகாரில் "கால் நன்றாக இல்லை" என்பதைவிட "சீட் உயரம் 18-க்குப் பதில் 16" என்பது பல மடங்கு வலுவானது. டேப் வைத்த நிலையிலேயே படம் எடுங்கள், எண் தெரியும்படி. மாதிரியையும் உங்கள் சோபாவையும் ஒரே கோணத்தில் எடுத்தால் பார்ப்பவருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் ஒரே எடை கொண்டவை அல்ல. தனித்தனியாகப் பார்ப்போம்.

கலர் விஷயத்தில் நிதானமாக இருங்கள். ஷோரூம்களில் மஞ்சள் சாயல் கொண்ட விளக்குகளைப் போட்டிருப்பார்கள். பிரவுன், மெரூன், பீஜ் எல்லாம் அந்த வெளிச்சத்தில் ஒரு படி பளிச்சென்று தெரியும். அதே துணி உங்கள் வீட்டு வெள்ளை டியூப் லைட்டில் கருப்படித்தது போல் இருக்கும். துணி ஒன்றாகவே இருந்தும் கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். இன்னொன்று, துணி ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் சாயலில் சிறு வித்தியாசம் வருவது நெசவாலையில் சகஜம். எனவே கொண்டுபோன குஷனை மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முடிந்தால் வாசல் வெளிச்சத்தில். அப்போதும் வேறாகத் தெரிந்தால், துணியின் நெசவு, நூல் கனம், பின்பக்கம் மூன்றையும் ஒப்பிடுங்கள். நெசவே வேறு என்றால் துணியையே மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், அது வலுவான புகார். நெசவு ஒன்று, சாயல் மட்டும் அரைப்படி வேறு என்றால் அதைக் கடிதத்தில் முதல் குறையாக வைக்காதீர்கள். கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு முழுப் புகாரையும் "கலர் பிடிக்கவில்லையாம்" என்று சுருக்கிவிடுவார். ஷோரூம் பீஸ் ஒரு கலர், நீங்கள் கேட்லாக்கில் வேறு கலர் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால், கலருக்கு மாதிரி அந்தத் துணித்துண்டுதான். அதன் எண் ஆர்டர் ஃபார்மில் இருக்க வேண்டும்.

கால் விஷயம் நேரானது. மரம் காட்டி பிளாஸ்டிக் கொடுத்தது யார் கண்ணுக்கும் தெரியும், விவாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் அதைச் சரிசெய்வதும் சுலபம். நான்கு திருகைக் கழற்றி மரக்கால் மாட்டிக் கொடுத்துவிட்டு "சரி பண்ணிட்டோமே" என்பார்கள். அதற்கு ஒப்புக்கொண்டு மீதியை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் புகாரின் உயிர் ஃபோமில்தான் இருக்கிறது. உட்கார்ந்தால் அமுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஷோரூம் பீஸில் மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். அதன் ஃபோம் இளகியிருக்கும். புதிதாக வரும் சோபா அதைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருப்பதுதான் இயல்பு, போகப் போகத்தான் இளகும். "ஷோரூமில் மெத்தென்று இருந்தது, இது கல்லு மாதிரி இருக்கு" என்று வரும் புகார்களில் பாதி இந்த வகை, அதில் குறை ஏதும் இல்லாமலே இருக்கலாம். உங்களுடையது தலைகீழ். அத்தனை பேர் உட்கார்ந்து பழசாகிப்போன மாதிரியைவிடப் புது சோபா அதிகம் அமுங்குகிறது என்றால், உள்ளே இருப்பது வேறு ஃபோம் என்று சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது.

சந்தேகத்தை எண்ணாக மாற்றலாம். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் 40 கிலோ. இதைச் சமையலறைத் தராசிலேயே பார்த்துவிடலாம். குஷனின் பின்பக்கம் ஜிப் இருக்கும். திறந்து ஃபோமை வெளியே எடுங்கள். மேலே வெள்ளையாகப் பஞ்சு போன்ற ஃபைபர் ஷீட் சுற்றியிருந்தால் அதை மெதுவாகப் பிரித்து வையுங்கள், அதையும் சேர்த்து எடை போட்டால் கணக்கு தப்பும். நீளம், அகலம், கனம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 10 லட்சத்தால் வகுத்தால் கன மீட்டர் வரும். எடையைக் கிலோவில் எடுத்து அதால் வகுத்தால் டென்சிட்டி.

ஒரு குஷனை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 22 அங்குலம் சதுரம், 5 அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 56, 56, 12.5 சென்டிமீட்டர். பெருக்கினால் 39,200, அதாவது 0.0392 கன மீட்டர். உண்மையிலேயே 40 டென்சிட்டியாக இருந்தால் இந்த ஃபோம் 1 கிலோ 570 கிராம் பக்கம் இருக்க வேண்டும். 32 டென்சிட்டி என்றால் 1 கிலோ 250 கிராம். தராசு 1 கிலோ 100 கிராம் காட்டினால் அது 28 டென்சிட்டி. 50 கிராம், 60 கிராம் வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஃபோமைக் கையால் அறுப்பதால் அளவில் அந்த அளவுக்குப் பிசகு வரும். ஆனால் அரைக்கிலோ குறைவது அறுப்பில் வந்த பிசகு அல்ல. 28 டென்சிட்டி ஃபோம் முதல் நாளே கெட்டுப்போகாது. தினமும் புழங்கும் சீட்டில் போட்டால் சீக்கிரமே குழி விழும். வித்தியாசம் வாரன்ட்டி முடியும் தறுவாயில்தான் தெரியவரும் என்பதால்தான் இங்கே கை வைக்கிறார்கள்.

எடை எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புப் பவுடர் கலந்த ஃபோமும் சந்தையில் உண்டு. அது தராசில் தேறிவிடும், ஆனால் அமுக்கி விட்டால் எழும்பி வர நேரமெடுக்கும், விரலால் தேய்த்தால் மாவு போல உதிரும். பல வண்ணத் துண்டுகளை ஒட்டிச் செய்த ரீபாண்டட் ஃபோம் மிகவும் கனமானது, அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சீட்டையே ஃபிரேமோடு சேர்த்துத் தைத்திருக்கும் மாடல்களில் வெளியே எடுக்கவே முடியாது. அவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். அதேபோல, சோபாவைக் கவிழ்த்தால் அடியில் ஸ்டேப்பிள் அடித்த கருப்புத் துணி இருக்கும். உள்ளே என்ன மரம், ஸ்பிரிங்கா, எலாஸ்டிக் பெல்ட்டா என்று பார்க்கும் ஆசையில் நீங்களே கிழித்துவிட வேண்டாம். "நீங்க பிரிச்சதுல போச்சு" என்று சொல்ல அது போதும். கடையிலிருந்து ஆள் வரும்போது அவர் கையாலேயே ஒரு ஓரம் பிரிக்கச் சொல்லி, நீங்கள் வீடியோ எடுங்கள்.

ஷோரூமுக்குக் குஷனோடு போகும்போது, மாதிரியின் குஷனையும் ஜிப் திறந்து எடை போடச் சொல்லுங்கள். இரண்டு வகையில் முடிவு வரலாம். மாதிரி 1 கிலோ 550, உங்களுடையது 1 கிலோ 100 என்றால் 17-வது பிரிவு நேராகப் பொருந்துகிறது. மாதிரியும் 1 கிலோ 100-தான் என்றால் மாதிரியோடு ஒத்துப்போகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அப்போது 15-வது பிரிவு கைகொடுக்கும்: மாதிரியும் காட்டி, வர்ணனையும் சொல்லி விற்றால், பொருள் மாதிரியோடு பொருந்தினால் மட்டும் போதாது, வர்ணனையோடும் பொருந்த வேண்டும். 40 டென்சிட்டி என்றது வர்ணனை. அது ஆர்டர் ஃபார்மில், பில்லில், வாட்ஸ்அப்பில், அல்லது மாதிரியின் மேல் ஒட்டிய சீட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். வாய்ச்சொல்லாக மட்டும் இருந்தால் இன்றே அந்த சேல்ஸ்மேனுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "சார், எங்களுக்குக் கொடுத்த சோபா 40 டென்சிட்டி ஃபோம்தானே?" வழக்கமாக "ஆமா மேடம்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் எழுத்து வடிவில் உங்கள் கையில் இருக்கும். எடை போட அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் அதற்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

உங்கள் கணவர் போட்ட கையெழுத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், அதே சமயம் நாளைக் கடத்தவும் வேண்டாம். முன்னால் ஆராய்ந்து பார்க்காத பொருளை ஆராய நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட மாட்டார் என்று 41-வது பிரிவு சொல்கிறது. பாலிதீன் சுற்றிய சோபாவை இறக்கி வைத்ததும் போட்ட கையெழுத்து, இத்தனை உருப்படி வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது. ஆனால் 42-வது பிரிவு இன்னொரு பக்கம் காட்டுகிறது. வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலம் தாண்டி வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் பொதுவாகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும்தான் மிஞ்சும். எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை. ஒரு வாரம்தான் ஆகிறது என்பதால் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். இந்த வாரத்துக்குள் எழுத்தில் மறுத்துவிடுங்கள். போனில் பத்து முறை பேசியது கணக்கில் வராது. சோபாவை நீங்களே வண்டி வைத்துக் கடையில் இறக்க வேண்டியதும் இல்லை. ஏற்க மறுப்பதாகத் தெரிவித்தாலே போதும் என்கிறது 43-வது பிரிவு. அதுவரை ஒரு துணி போட்டு மூடி, முடிந்தவரை புழங்காமல் வையுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பில்லில் கால அளவு சொல்லியிருந்தால் அதற்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மனசு மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு அந்த வரி பொருந்தலாம், காட்டியது வேறு கொடுத்தது வேறு என்பவருக்குப் பொருந்தாது.

கடிதத்தில் கோபம் வேண்டாம். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற சொல்லையே எழுதாதீர்கள், அதை நீங்கள் நிரூபிக்க வேண்டி வரும். அளவை மட்டும் எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

> மேலாளர் அவர்களுக்கு,
>
> தங்கள் ஷோரூமில் (தேதி) அன்று காட்டப்பட்ட (மாடல் பெயர்) சோபாவைப் பார்த்து, அதே போன்ற 3+1+1 செட்டுக்கு ஆர்டர் கொடுத்து ரூ. 72,000 செலுத்தினேன். பில் எண் (எண்). (தேதி) அன்று வந்து சேர்ந்த சோபா, காட்டப்பட்ட மாதிரியிலிருந்து கீழ்க்கண்ட வகையில் மாறுபடுகிறது.
>
> மாதிரியின் சீட் ஃபோம் எடை 1 கிலோ 550 கிராம். எனக்கு வந்ததன் எடை, அதே அளவில், 1 கிலோ 100 கிராம். 40 டென்சிட்டி என்று தங்கள் விற்பனையாளர் தெரிவித்த செய்தியின் நகல் இணைத்துள்ளேன். மாதிரியின் கால்கள் மரம், வந்தவை பிளாஸ்டிக். மாதிரியின் சீட் உயரம் 18 அங்குலம். வந்தது 16 அங்குலம். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.
>
> மாதிரியோடு பொருந்தாத இந்தப் பொருளை நான் ஏற்கவில்லை. மாதிரிக்கு இணையான சோபாவாக மாற்றித் தர வேண்டும், அல்லது ரூ. 72,000-ஐத் திருப்பித் தந்து தங்கள் செலவில் இதை எடுத்துச் செல்ல வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கவும். தங்கள் ஆள் வந்து பார்வையிட எந்த நாளும் வரலாம்.

எண்களை உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அளக்காததை எழுதாதீர்கள். கடைசி வரி முக்கியம். "பார்க்கவே விடவில்லை" என்று பின்னால் சொல்ல முடியாமல் செய்துவிடும். இதை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதே நாளில் கடையின் இமெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். பில்லுக்குப் பதிலாக வெறும் எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்தார்கள் என்றால் முதலில் ஜிஎஸ்டி எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றாலும் யுபிஐ அல்லது கார்டு பதிவு பணம் கட்டியதற்குச் சான்றாகும். இ.எம்.ஐ.யில் வாங்கியிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்த நிறுவனம் வேறு, கடை வேறு. தவணை தவறினால் உங்கள் கிரெடிட் ஸ்கோர்தான் அடிபடும்.

இப்படி ஒரு கடிதம் போனால் பெரும்பாலான கடைகள் சமரசத்துக்கு வரும். நான் மெத்தை, சோபா வேலைப் பட்டறை வைத்திருப்பதால் சமரசம் எப்படி வரும் என்று தெரியும். முதலில் "ரெண்டு இன்ச் ஃபோம் எக்ஸ்ட்ரா வச்சுத் தர்றோம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். மட்டமான ஃபோமின் மேல் நல்ல ஃபோம் ஒரு தகடு வைத்தால் அடியில் இருப்பது அமுங்கிக்கொண்டேதான் போகும், உறையும் இறுகித் தையல் விடும். ஐந்து சீட்டுக்கும் முழுக் கனத்துக்கு 40 டென்சிட்டி ஃபோமை மாற்றித் தருகிறோம், மரக்கால் போட்டுத் தருகிறோம் என்றால், ஃபிரேமும் துணியும் மாதிரி போலவே இருக்கும்பட்சத்தில் நான் அதை ஏற்கச் சொல்வேன். குஷன் தனியாகக் கழலும் மாடலில் ஒரே நாளில் முடியும் வேலை அது, சோபா மாதிரிக்குச் சமமாகிவிடும். மாற்றும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பாருங்கள். பணம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஃபோம், கால், கூலி எல்லாவற்றுக்கும் உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, அதற்குக் குறையாமல் கேளுங்கள். ஆனால் அடித்துணியைப் பிரித்தபோது ஃபிரேமே வேறு என்று தெரிந்தால் ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். பைன் கட்டையையும் மெல்லிய பிளைவுட்டையும் பின்னால் யாரும் சால் மரமாக்க முடியாது. அங்கே மாற்று சோபா, இல்லையென்றால் பணம், இரண்டில் ஒன்றுதான். எதற்கு ஒப்புக்கொண்டாலும், எந்தத் தேதிக்குள் என்ன செய்வார்கள் என்று அவர்கள் கையெழுத்தோ வாட்ஸ்அப் செய்தியோ வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு செய்தியில் "முழுத் திருப்தி" என்று எழுதி வாங்க முயல்வார்கள், வேலை முடியும்வரை அதைக் கொடுக்காதீர்கள்.

15 நாள் தாண்டியும் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். consumerhelpline.gov.in தளத்திலும் செய்யலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், கடைக்கு எழுதிப் பேசிப் பார்ப்பார்கள். பல கிளை உள்ள பெரிய கடை என்றால் இதிலேயே அசைவு தெரியும், ஒற்றைக் கடை என்றால் பதில் வராமலும் போகலாம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை வேறு ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். e-jagriti.gov.in தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். குறை தெரிந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. ஆனால் மாதிரி சோபா அதுவரை காத்திருக்காது என்பதை மறக்க வேண்டாம். ஆய்வு தேவைப்படாத புகாரை 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டித்தான் போகும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஃபோமை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் முடிவு செய்தால் அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். எனவே ஒரு குஷனின் ஃபோமையாவது தொடாமல், வந்தபடியே வைத்திருங்கள். ஐந்தையும் நீங்களே வெளியே மாற்றிவிட்டுப் புகாருக்குப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. எங்கள் பகுதியில் ஒருவர் அப்படித்தான் செய்தார். நல்ல ஃபோம் போட்டுக்கொண்டு பழையதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டார். கடைசியில் கால்களுக்கு மட்டும்தான் பேச முடிந்தது.

மாற்று சோபா வருவதாக முடிவானால், வரும் நாளில் வீட்டில் இருங்கள். இறக்கியதும் பாலிதீனைப் பிரிக்கச் சொல்லி, ஒரு குஷனைத் தராசில் வையுங்கள், காலைத் தட்டிப் பாருங்கள், சீட் உயரத்தை டேப்பால் அளங்கள். பத்து நிமிட வேலை. அவசரம் என்று டெலிவரிக்காரர்கள் நிற்க மாட்டேன் என்றால், அவர்கள் நீட்டும் சலானில் கையெழுத்துக்கு மேலே "பிரித்துப் பார்க்கவில்லை, சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று உங்கள் கையாலேயே எழுதி, அதைப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். பழைய சோபாவை ஏற்றிப் போகும்போதும் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: எத்தனை உருப்படி, எந்தத் தேதி, யார் எடுத்துப் போனார் என்று.